சொன்னதாக ஒரு வரி

“என்னய்யா இது, நடுவுல வெறும் எடமாக் கெடக்கு?”

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். தாளில் மை இன்னும் காயவில்லை. எழுதிக்கொண்டிருந்த பெருமாள்சாமி பேனாவை மூடி ஓரமாக வைத்தார்.

“அந்த எடத்துல மைக் நின்னுபோச்சு ஐயா. ஊன்னு ஒரு ஊளை விட்டுச்சு. அப்புறம் சத்தமே இல்லை. ஜனம் விசிலடிக்குது. பாரூக் பாய் வாய் அசையுது, காதுல ஒண்ணும் விழல.”

“மேடைக்கு அடியிலதான உக்காந்திருந்தே?”

“அடியிலதான். அங்கதான் கூப்பாடு ஜாஸ்தி.”

“நல்லாருக்குய்யா! ஊரே பத்தி எரியுது, நீ காதுல விழலைங்கிற.”

ஊர் எரியவில்லை. எரிந்தது பேகம்பூருக்கு அப்பால் இருந்த ஒரு தோல் ஷாப்பின் பட்டைக் கொட்டகை. தோல் பதனிட மலைபோலக் குவித்து வைத்திருந்த ஆவாரம்பட்டை முழுவதும் ராத்திரியோடு சாம்பல். ஆள் சேதம் இல்லை. யார் வைத்த தீ என்றும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம்தான் ஸ்டிரைக்கில் இருந்த தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் கூட்டம் மைதானத்தில் நடந்திருந்தது. பேசியவர் சங்கச் செயலாளர் முகமது பாரூக். அந்தப் பேச்சைத்தான் பெருமாள்சாமி இப்போது விரித்து எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் போலீஸில் தமிழ்ச் சுருக்கெழுத்துக்காரர். திண்டுக்கல்லில் எந்தக் கட்சி மேடை போட்டாலும் பக்கத்தில் அவருக்கு ஒரு மேசை, ஒரு அரிக்கன் விளக்கு. பேசுகிறவர் வேகத்துக்கு வளைவும் நெளிவுமாகக் கோடு இழுத்துக்கொண்டே போவார். மறுநாள் ஸ்டேஷனில் உட்கார்ந்து அதை எல்லாரும் படிக்கிற தமிழில் எழுதிக் கொடுப்பார். அந்தக் கோடுகளைப் படிக்க அந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வாசி பாப்பம். அதுக்கு முன்னாடி என்ன இருக்கு?”

“‘முதலாளிமாரே, ஒண்ணு கேக்குறேன். உங்க கொட்டகையில அம்பாரமாக் குவிச்சு வெச்சிருக்கீங்களே ஆவாரம்பட்டை’... இதோட போச்சு.”

“திரும்ப எங்க வருது?”

“‘அப்பத் தெரியும் எங்க அருமை.’ கை தட்டல்.”

“ம். பட்டையில ஆரம்பிச்சு அருமையில முடியுது. நடுவுல என்ன சொல்லியிருப்பான்?”

“எப்படிங்க ஐயா...”

“யோவ், நாலு வருஷமா அவன் பேச்சை எழுதுற. அவன் பொண்டாட்டியைக் காட்டிலும் உனக்குத்தான் அவன் வாய் பழக்கம். அவனே உன்னைப் பாத்துட்டுத்தானய்யா பேச்சை ஆரம்பிப்பான்.”

அது உண்மை. ‘நம்ம எழுத்தய்யா வந்துட்டாரா? அவருக்கு ஒரு சோடா குடுங்கப்பா. அவரு கை ஓடலேன்னா நம்ம வாய் ஓடாது’ என்று மேடையிலிருந்து பாரூக் சொல்வதும், கூட்டம் சிரிப்பதும் வழக்கம். சோடாவைப் பெருமாள்சாமி குடிக்க மாட்டார். ஆனால் உள்ளூரப் பெருமைதான்.

“வெறும் எடத்தோட கோர்ட்டுக்குப் போனா மேல இருக்கிறவன் என்னைக் கேப்பான்,” என்றார் இன்ஸ்பெக்டர். “பெரிய அதிகாரி பங்களாவுல முதலாளிமாருங்க காலையிலேருந்து உக்காந்திருக்காங்க. நான் பொய் எழுதச் சொல்லல. அவன் சொன்னதை ஞாபகப்படுத்தி எழுதுங்கிறேன். செத்த நேரம் கண்ணை மூடி யோசி. வந்துரும்.”

அவர் வெளியே போய்விட்டார்.

பெருமாள்சாமி கண்ணை மூடினார். சன்னல் வழியாக எரிந்த பட்டையின் கசந்த வாடை வந்துகொண்டிருந்தது. பாரூக்கின் பேச்சு அவருக்கு மனப்பாடம். கேள்வியாக ஆரம்பிக்கும், கொஞ்சம் ஏறும், கடைசியில் குட்டையாக ஒரு வாக்கியம் சம்மட்டி மாதிரி விழும். கொட்டகை, பட்டை, அருமை. எங்கள் கை இல்லாவிட்டால் உங்களுக்கு யார் துணை என்கிற பொருள்தான். பேனா தானாக நகர்ந்தது.

‘அதுல ஒரு நாள் ஒரு பொறி விழட்டும். அணைக்க ஒரு கை வராது. அப்பத் தெரியும் எங்க அருமை.’

படித்துப் பார்த்தார். எவ்வளவு கச்சிதம்! பாரூக்கின் குரலிலேயே கேட்டது. ‘பொறி’ என்ற இடத்தில் அவர் விரலைச் சுண்டியதுகூடக் கண்ணில் தெரிந்தது. நேற்று கேட்காதது இன்றைக்கு எப்படி இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. சுருக்கெழுத்துப் புத்தகத்திலும் விட்டிருந்த இடத்தில் அதற்குரிய கோடுகளை இழுத்துவிட்டார். இப்போது இரண்டிலும் வெறும் இடம் இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்து படித்தார். உதடு விரிந்தது.

“பாத்தியா? நான்தான் சொன்னேனே, வந்துரும்னு.”

அன்று மத்தியானமே பாரூக்கைக் கைது செய்தார்கள். தீ வைப்பதாக மிரட்டினார் என்று கேஸ். இரண்டு வருஷம் வரைக்கும் உள்ளே போடலாம். பத்து நாள் கழித்து ஜாமீனில் விட்டார்கள்.

அதற்குள் அந்த வரி ஊர் முழுக்கப் போய்விட்டது. குற்றப்பத்திரிகையில் இருந்ததை யாரோ சொல்ல, யாரோ கேட்க, தோல் ஷாப்புச் சுவரில் கரியால் எழுதிவிட்டார்கள். பெருமாள்சாமி டீக்கடையில் நின்றால் காதில் அதுதான்.

“அணைக்க ஒரு கை வராதுன்னாரு பாரு, எனக்கு அப்படியே புல்லரிச்சுப்போச்சுடா!”

“நீ எங்க நின்னே?”

“மேடைக்கு நேரா. கண்ணால பாத்தேன், காதால கேட்டேன்.”

“ஏலே, மைக் அணைஞ்சு கெடந்துச்சேடா?”

“அணைஞ்சா என்ன? அவரு தொண்டைக்கு மைக் எதுக்கு?”

பெருமாள்சாமி டீயை ஆற்றிக் குடித்தார். சரிதான், கேட்டவர்களே இருக்கிறார்களே. நாம் எழுதியது பிசகவில்லை என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு டீ மாதிரியே இதமாக உள்ளே இறங்கியது.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது.

“பழனியம்மாக்கா! ஜாக்கெட் கொண்டாந்திருக்கேன்.”

பாரூக்கின் மனைவி கமர்ஜஹான். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தாள். பெருமாள்சாமியின் மனைவி பழனியம்மாளுக்கு அவள்தான் ஜாக்கெட் தைப்பாள்.

“வா கமரு. நான் தைக்கவே குடுக்கலையே, என்ன ஜாக்கெட்டு?”

“போன பொங்கலுக்குக் குடுத்த துணியில மிச்சம் இருந்துச்சு. ஒரு சாக்கு வேணும்ல அக்கா, உங்க வீட்டுப் படியேற.”

பழனியம்மாள் சிரிக்கவில்லை. உள்ளே ஈசிசேரில் இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்துவிட்டார்.

“இந்தாம்மா, நீ இங்க வரக்கூடாது. நான் நாளைக்குச் சாட்சி. யாராச்சும் பாத்தா உனக்கும் கெடுதல், எனக்கும் கெடுதல்.”

“நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்க வரல அண்ணே. ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். எங்க வீட்டுக்காரரு நாளைக்கு என்ன செய்யப் போறாரு தெரியுமா? மாஜிஸ்திரேட் கேட்டா, ‘ஆமா, சொன்னேன்’னு ஒத்துக்கப் போறாராம்.”

“என்னது?”

“வக்கீல் தலையில அடிச்சுக்கிட்டாரு. இவரு கேக்கல. ‘ஊரே என் வரியைச் சொல்லுது. நான் இல்லேன்னா பயந்தாங்கொள்ளின்னு காறித் துப்புவான்’ங்கிறாரு. ராவெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிப் பாக்குறாரு. மொதல்ல ‘அப்படியா சொன்னேன்?’னாரு. அப்புறம் ‘சொல்லியிருப்பேன்’னாரு. இப்ப ‘சொன்னேன்’ங்கிறாரு.”

பெருமாள்சாமி தெருவை எட்டிப் பார்த்தார்.

“அவரு சொல்லியிருந்தா ஜெயிலுக்குப் போகட்டும் அண்ணே. நான் மெஷினை மிதிச்சுப் புள்ளைகளைப் பாத்துக்குவேன். ஆனா அன்னிக்கு நாங்க பொம்பளைக மைதானத்துக்குப் பின்னால குர்ஷித் பேகம் வீட்டு மாடியில இருந்தோம். எங்க தலைக்கு மேல ஒரு மைக் குழாய் கட்டியிருந்தாங்க. ‘ஆவாரம்பட்டை’ன்னு வந்துச்சு, குழாய் செத்துப்போச்சு. உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?”

“நான் மேடைக்குப் பக்கத்துல இருந்தேன்.”

“அப்ப கேட்டுச்சு?”

“கோர்ட்டுல சொல்லிக்கிறேன்.”

“கேட்டுச்சா, கேக்கலையா அண்ணே?”

“போம்மா நீ!”

குரல் உயர்ந்துவிட்டது. கமர்ஜஹான் ஜாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பழனியம்மாள் அவள் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தாள்.

“அவ கேட்டதுக்குப் பதிலே வரலையே?”

“உனக்கு எதுக்கு இதெல்லாம்? போய் அடுப்புல வெஞ்சனத்தைப் பாரு.”

“வெஞ்சனம் எங்கயும் ஓடிராது. ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. முந்தாநாள் உங்களைத் தக்காளி வாங்கப் போகச் சொன்னேனே, என்ன சொன்னேன்?”

“இப்ப அது எதுக்கு?”

“சொல்லுங்களேன். ஊர்க்காரன் பேச்செல்லாம் அச்சடிச்ச மாதிரி எழுதுறீங்க, பொண்டாட்டி பேச்சு ஞாபகம் இல்லையா?”

“ஏன் இல்லாம? ‘கல்லு மாதிரி காயாப் பொறுக்கிட்டு வந்துராதீக, பழமாப் பாத்து வாங்கணும், அவன் குடுக்குறதை வாங்கிட்டு வந்து நின்னீகன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்’ன்னே.”

பழனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, பயமா என்று தெரியவில்லை.

“அப்படியே என் வாய்தான். நான் பேசினா அப்படித்தான் பேசுவேன். ஆனா முந்தாநாள் எனக்குத் தொண்டை கட்டிக் குரலே வரலையே! கூடையைக் காட்டி, கையைத்தானே ஆட்டினேன்? நீங்களும் தலையை ஆட்டிட்டுப் போனீக.”

பெருமாள்சாமி உட்கார்ந்தார். முந்தாநாள். கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, அடுப்படி வாசலில் கூடையோடு நின்றாள். ஆமாம். ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆனால் இப்போது சொன்னபோது அவள் குரல் அவர் காதில் கேட்டதே!

“என்னங்க?”

“ஒண்ணுமில்லை.”

“மைக் நின்னப்ப உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மைதானம்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். அன்றைக்கு உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றுகூடப் பார்த்தார். விசில் சத்தம் ஞாபகம் இருந்தது. தூசி ஞாபகம் இருந்தது. பாரூக்கின் வாய் அசைந்தது ஞாபகம் இருந்தது. அதற்கு மேல் எவ்வளவு துழாவினாலும் தாளில் எழுதின வரிதான் முன்னால் வந்து நின்றது.

மறுநாள் கோர்ட்டு வளாகம் முழுக்கத் தோல் ஷாப்பு ஆட்கள். சாட்சிகள் நிற்கிற வேப்பமரத்தடிக்குப் பாரூக்கே வந்துவிட்டார். வெளுத்த ஜிப்பா, நெற்றியில் வியர்வை.

“எழுத்தய்யா, சலாம்! நம்ம வரியை நல்லா ஏத்தி எறக்கி வாசிங்க. நம்ம பயலுக அதைக் கேக்கத்தான் வந்திருக்காங்க.”

“பாய், நீங்க என்கிட்டப் பேசக்கூடாது.”

“பேசல, பேசல. ஒண்ணே ஒண்ணு. எத்தனையோ மேடை ஏறியிருக்கேன். அம்மாதிரி ஒரு வரி என் வாயில வந்ததே இல்லை. அது எப்படி வந்துச்சுன்னே எனக்கு வெளங்கல.”

அவர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் ஷாப்புக் காவல்காரர் பொன்னழகு சாட்சி சொன்னார். அந்த வரியைத் தன் காதால் கேட்டதாக ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். பாரூக்கின் வக்கீல் சுருளிவேல் எழுந்தார்.

“அதுக்கு முன்னால என்ன பேசினார்?”

“அது... கூலியைப் பத்திங்க.”

“என்ன வார்த்தையில?”

“அதெல்லாம் ஞாபகம் இல்லைங்க.”

“அதுக்குப் பின்னால?”

“ஞாபகம் இல்லைங்க.”

“இந்த ஒரு வரி மட்டும் ஞாபகம் இருக்கு. சுவத்துல எழுதியிருக்கே, பாத்தீரா?”

“தெனம் பாக்குறேனுங்களே. எங்க ஷாப்புச் சுவருதான.”

கூட்டத்தில் சிரிப்பு. மாஜிஸ்திரேட் மேசையைத் தட்டினார். அடுத்து பெருமாள்சாமி.

சத்தியம் செய்தார். சர்க்கார் வக்கீல் கேட்கக் கேட்க, கூட்டம் நடந்த இடம், நேரம், தான் எழுதிய விதம் எல்லாவற்றையும் சொன்னார். அறிக்கையை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தார். அந்த வரி வந்தபோது பின்னால் நின்ற ஆட்கள் ‘அதான், அதான்’ என்று முணுமுணுத்தார்கள். பாரூக் கூண்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். சுவரோரம் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி கமர்ஜஹான்.

சுருளிவேல் எழுந்தார். அவரிடம் பெரிய ஆயுதம் எதுவும் இல்லை என்பது அவர் கண்ணாடியைத் துடைத்த விதத்திலேயே தெரிந்தது.

“பேச்சை எப்ப விரிச்சு எழுதினீங்க?”

“மறுநாள் காலையில.”

“தீப்பிடிச்ச சேதி உங்களுக்கு அப்பத் தெரியும்?”

“தெரியும். வாடை வந்துக்கிட்டிருந்துச்சு.”

“பேச்சுக்கு நடுவுல மைக் நின்னுச்சா?”

இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் கால்மேல் கால் போட்டிருந்தார். காலை இறக்கினார்.

“நின்னுச்சு.”

“எந்த எடத்துல?”

“ஆவாரம்பட்டைங்கிற வார்த்தைக்கு அப்புறம்.”

சுருளிவேல் நிமிர்ந்தார். அவர் எதிர்பார்த்தது மறுப்பை. அடுத்த கேள்விக்கு ஒரு கணம் தடுமாறினார்.

“அப்ப... மைக் நின்னிருந்த நேரத்துல, ‘பொறி விழட்டும்’ங்கிற வரியை உங்க காதால கேட்டீங்களா?”

பெருமாள்சாமி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். கேட்டேன் என்றால் முடிந்தது. யாரும் மறுக்கப் போவதில்லை. பேசினவரே மறுக்கப் போவதில்லை.

“சாட்சி பதில் சொல்லணும்,” என்றார் மாஜிஸ்திரேட்.

“கேக்கலைங்க.”

“என்ன?”

“கேக்கலைங்க ஐயா. சத்தத்துல ஒண்ணும் விழல. எடம் விட்டு வெச்சிருந்தேன். மறுநாள் யோசிச்சு நிரப்பினேன். அந்த வரி நான் எழுதினது.”

கோர்ட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். “பொய்யி! காசு வாங்கிட்டான்!” என்று ஒருவன் கத்தினான். அது போலீஸ் ஆள் இல்லை. தோல் ஷாப்பு ஆள். “எங்க தலைவரு சொன்னாருய்யா, நான் கேட்டேன்!”

மாஜிஸ்திரேட் மேசையைத் தட்டித் தட்டி அடக்கினார்.

“மேற்கோள் குறி போட்டு எழுதியிருக்கிறீரே, அதற்கு என்ன அர்த்தம்?”

“அவரு சொன்ன வார்த்தை அப்படியேன்னு அர்த்தமுங்க.”

“சொல்லாததற்கு ஏன் போட்டீர்?”

“அவரு பேச்சு எனக்கு அம்புட்டுப் பழக்கமுங்க ஐயா. எழுதி முடிச்சதும் அவரு சொன்ன மாதிரியே இருந்துச்சு. நானே நம்பிட்டேன். எனக்கு அவரு பாணி தெரியாம இருந்திருந்தா எழுதியிருக்கவே மாட்டேன். எழுதியிருந்தாலும் படிக்கிறவுக சந்தேகப்பட்டிருப்பாக.”

சுருளிவேலின் முகத்தில் ரத்தம் ஏறிவிட்டது. பிடி கிடைத்த வேகத்தில் அடுத்ததற்குத் தாவினார்.

“என் கட்சிக்காரர் பேச்சு உங்களுக்கு அத்துப்படி. ‘முதலாளிமாரே, பட்டையைப் பொடிச்சுக்கிட்டு நீங்களே தொட்டியில எறங்கிப் பாருங்க, அப்பத் தெரியும் எங்க அருமை’ன்னு பல கூட்டத்துல பேசியிருக்கார், இல்லையா?”

“பேசியிருக்காரு.”

“எத்தனையோ தரம் நீங்களே எழுதியிருக்கீங்க?”

“எழுதியிருக்கேன்.”

“அன்னிக்கும் அந்த எடத்துல அதைத்தான் சொன்னார். சரிதானே?”

கமர்ஜஹான் ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள். முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. அவள் உதடு ‘ஆமா, ஆமா’ என்று அசைந்தது. ஒரு தலையசைப்புப் போதும். செய்த தப்புக்கு அப்போதே பரிகாரம்.

அந்த வரியும் பாரூக்கின் குரலிலேயே பெருமாள்சாமியின் காதில் கேட்டது. எவ்வளவு பொருத்தம்! முன்னதைவிடப் பொருத்தம்.

“தெரியாதுங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சாத்தான் தப்பு வரும் ஐயா. யோசிச்சுத்தானே மொதல்லயும் எழுதினேன். அந்த எடத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.”

“வழக்கமாச் சொல்றதைத்தானே சொல்லியிருப்பார்?”

“சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.”

சுருளிவேல் உட்கார்ந்துவிட்டார். மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பெருமாள்சாமியைப் பார்த்தார்.

“இந்த அறிக்கையில் மற்ற வரிகள்? அவற்றில் நீர் சேர்த்தது ஏதும் உண்டா?”

பெருமாள்சாமி தாளை வாங்கிப் பார்த்தார். பக்கம் புரட்டினார். முன்னால் வந்தார், திரும்பப் போனார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது.

“பெரும்பாலும் கேட்டதுதானுங்க. அங்கங்க ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை விட்டது இருக்கும். சேத்திருப்பேன். எழுதுறப்ப எது எதுன்னு தெரிஞ்சுது. இப்பப் பாத்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. பிரிக்க முடியல.”

“இதற்கு முன்பு கொடுத்த அறிக்கைகளில்?”

சர்க்கார் வக்கீல் துள்ளி எழுந்தார். “அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது!”

“சம்பந்தமில்லைதான்,” என்றார் மாஜிஸ்திரேட். ஆனால் கேள்வி எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் எழுந்து வெளியே போனார்.

சாட்சியங்கள் முடிந்தபின் மாஜிஸ்திரேட் பாரூக்கின் பக்கம் திரும்பினார்.

“நீர் அப்படிப் பேசினீரா?”

பாரூக் பின்னால் பார்த்தார். தோல் ஷாப்பு ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். “சொல்லுங்க தலைவரே!” என்றது ஒரு குரல். முன்வரிசையில் நின்ற ஒரு கிழவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார், மேடைக்கு முன் கும்பிடுகிற மாதிரி. அடுத்து அவர் பார்வை பெருமாள்சாமி மேல் வந்தது. கோபமாக. தன் பொருளை யாரோ பிடுங்கிக்கொண்டது போல.

“ஐயா...”

“சொல்லும்.”

“ஊரெல்லாம் நான் சொன்னேன்னு சொல்லிச்சு. கேக்கக் கேக்க எனக்கும் சொன்ன மாதிரித்தான் இருந்துச்சு. நேத்துவரைக்கும் ‘சொன்னேன்’னு அடிச்சுச் சொல்லியிருப்பேன். மைக் நின்னது ஞாபகம் இருக்கு. நான் நிறுத்தாமப் பேசினது ஞாபகம் இருக்கு. என்ன பேசினேன்னு ஞாபகம் இல்லைங்க. அல்லா மேல ஆணையா, இல்லை.”

கூட்டத்தில் “சே!” என்ற சத்தம் எழுந்தது. நாலைந்து பேர் தோளில் துண்டை உதறிக்கொண்டு வெளியேறினார்கள். கமர்ஜஹான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

தீர்ப்பு அடுத்த வாரம் வந்தது. கேட்காத ஒன்றைக் கேட்டதாக எழுதிய அறிக்கையில் கேட்டதையும் பிரித்தறிய முடியாததால், அறிக்கை முழுவதையும் தள்ளுவதாக மாஜிஸ்திரேட் எழுதியிருந்தார். பாரூக் விடுதலை. அதற்கு முந்தின நாளே பெருமாள்சாமியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இருந்தும் அவர் தீர்ப்பைக் கேட்க வந்திருந்தார். வெளியே வரும்போது இன்ஸ்பெக்டர் எதிரே நின்றார்.

“திருப்தியா? நாலு வருஷமா நீ எழுதின அம்புட்டையும் இனி ஒருத்தன் ஒருத்தனாத் தோண்டுவான்.”

“தோண்டட்டும் ஐயா.”

“கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னய்யா கொறஞ்சுபோயிருப்பே?”

பதிலுக்கு நிற்காமல் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

படியில் பாரூக் நின்றுகொண்டிருந்தார். மாலை கொண்டுவந்தவர்கள் குறைவு. அதிலும் ஒரு இளவட்டம், “பாய், எங்களுக்காக ஒரே ஒரு தரம், அந்தப் பொறியைச் சொல்லிட்டுப் போங்க!” என்றான். பக்கத்தில் ஒரு புதுச் சுருக்கெழுத்துக்காரர், மதுரையிலிருந்து வந்தவர், பென்சிலைத் தயாராக வைத்திருந்தார்.

“இன்னிக்குப் பேச்சு கெடையாதுடா,” என்றார் பாரூக். “பசிக்குது.”

கமர்ஜஹானோடு இறங்கி வந்தவர், பெருமாள்சாமிக்கு எதிரில் வந்ததும் நின்றார். செருப்பைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

“எழுத்தய்யா.”

“சொல்லுங்க பாய்.”

“உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு. என்னை உள்ள தள்ளப் பாத்ததுக்கும் கோவம். அந்த வரியைப் புடுங்கிக்கிட்டதுக்கும் கோவம். ரெண்டுல எது பெருசுன்னு எனக்கே தெரியல.”

“நியாயம்தானுங்க.”

“அதை விடுங்க. இப்பக் கோர்ட்டும் இல்லை, போலீசும் இல்லை. நமக்குள்ள கேக்குறேன். அந்த எடத்துல நான் உண்மையில என்னதான்யா சொன்னேன்?”

“தெரியலை பாய்.”

“ஒரு அடையாளமாச்சும்? வாய் எப்படி அசைஞ்சுச்சு?”

“அசைஞ்சுச்சு. அம்புட்டுத்தான்.”

பாரூக் இன்னும் எதையோ கேட்க வாயெடுத்தார். கமர்ஜஹான் அவர் முழங்கையைத் தொட்டாள்.

“வாங்க. அவருதான் தெரியலைங்கிறாருல்ல.”

இரண்டு பேரும் பேகம்பூர் ரோட்டில் வெயிலில் நடந்து போனார்கள்.